தீபாவளி வாழ்த்தில் விடுமுறைத் தேதி: ‘முன்கூட்டியே சொல்லிவிட்டேன், நான் ஏன் நஷ்டஈடு தர வேண்டும்?’

வாசகர் கேள்வி

“கோவையில் ஏ.சி., கோல்டு ரூம் சர்வீஸ் செய்யும் சிறு நிறுவனம் நடத்துகிறேன். ஏழு பேர் வேலை செய்கிறார்கள். 2025 தீபாவளிக்கு, அக்டோபர் 16-ஆம் தேதி எல்லா கஸ்டமருக்கும் வாட்ஸ்அப் பிராட்காஸ்டில் ஒரு வாழ்த்துப் படம் அனுப்பினேன். மேலே லட்சுமியும் விளக்குகளும். கீழே, ‘அக்டோபர் 18 முதல் 22 வரை விடுமுறை. அழைப்புகளுக்கு 48 மணி நேரத்தில் பதில் தரப்படும்’ என்று போட்டிருந்தேன். எங்களிடம் ஏ.எம்.சி. என்ற வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் வைத்திருக்கும் ஒரு ஸ்வீட் கடையின் மேனேஜர், ‘நன்றி சார், உங்களுக்கும் வாழ்த்துகள்’ என்று பதிலும் போட்டார்.

18-ஆம் தேதி சனிக்கிழமை இரவு 7 மணிக்கு அந்தக் கடையின் கோல்டு ரூம் நின்றுவிட்டது. ஆபீஸ் போனுக்கு அழைத்திருக்கிறார்கள், எடுக்க ஆளில்லை. தீபாவளி அன்று, 20-ஆம் தேதி பகல் 12 மணிக்கு, வெளி மெக்கானிக்கை வைத்து ரூ.6,500 கொடுத்துச் சரிசெய்துகொண்டார்கள். நாங்கள் 23-ஆம் தேதி காலை 10 மணிக்குத்தான் போனோம். கோவா, பனீர், பால் கெட்டுவிட்டது என்று ரூ.1,85,000 கேட்கிறார்கள். காலாண்டுத் தொகை ரூ.24,000-ஐயும் நிறுத்திவிட்டார்கள்.

ஒப்பந்தத்தில், ‘புகார் தெரிவித்த 8 மணி நேரத்துக்குள் ஆள் வர வேண்டும்; அதன் பிறகு தாமதமாகும் ஒவ்வொரு முழு 24 மணி நேரத்துக்கும் காலாண்டுத் தொகையில் 5%, அதிகபட்சம் 20% கழிக்கப்படும்’ என்று இருக்கிறது. ஆனால் நான் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அவர்களும் சம்மதித்தார்கள். போதாததற்கு அது அரசு விடுமுறை. நான் ஏன் கொடுக்க வேண்டும்? வரும் தீபாவளிக்காவது வாழ்த்தை எப்படி எழுதுவது?”

வழக்கறிஞர் பதில்

முதலில் ஒரு நல்ல செய்தி. அவர்கள் கேட்கும் ரூ.1,85,000-ஐ அப்படியே நீங்கள் தர வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அதற்கு நீங்கள் சொல்லும் மூன்று காரணங்களில் ஒன்றுகூட உங்களுக்கு உதவாது. உதவப்போகிறவை வேறு. அவற்றுக்குப் போவதற்கு முன், உங்கள் காரணங்களைப் பார்த்துவிடுவோம். அடுத்த பேச்சுவார்த்தையில் அவற்றைப் பிடித்துக்கொண்டு நின்றால் கையில் இருக்கும் நல்ல வாதமும் வலுவிழந்துபோகும்.

‘நன்றி சார்’ என்பது சம்மதமா?

எட்டு மணி நேரத்தில் வருகிறேன் என்பது நீங்கள் கொடுத்த வாக்கு. அந்த நேரத்தை நீட்டிக்கும் அதிகாரம் வாக்கைப் பெற்றவரிடம்தான் இருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 63-ஆவது பிரிவில் இதைத்தான் சொல்கிறது. ஒப்பந்தத்தையே மாற்றி எழுத வேண்டும் என்றால் 62-ஆவது பிரிவுப்படி இரண்டு பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும். ‘48 மணி நேரத்தில் பதில்’ என்று நீங்கள் மட்டும் அறிவித்ததால் 8 மணி நேரம் மாறிவிடாது. அதற்கு அவர் பேசாமல் இருந்தாலும், சாதாரணமாக மௌனத்தைச் சம்மதமாகச் சட்டம் எடுத்துக்கொள்வதில்லை.

அவர் பேசாமல் இல்லையே, பதில் போட்டாரே என்பீர்கள். அந்தப் பதிலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ‘நன்றி சார், உங்களுக்கும் வாழ்த்துகள்.’ அவர் பதில் சொன்னது தீபாவளி வாழ்த்துக்கு. விடுமுறைத் தேதியைப் பற்றியோ 48 மணி நேரத்தைப் பற்றியோ அதில் ஒரு சொல் கிடையாது. வாழ்த்தையும் அறிவிப்பையும் ஒரே படத்தில் போட்டதால் வந்த வினை இது. எதற்குப் பதில் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நீங்கள் சம்மதம் என்பீர்கள், அவர்கள் மரியாதை என்பார்கள். நான் நீதிபதியாக இருந்தால் அவர்கள் பக்கம்தான் சாய்வேன். அதோடு, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் கடை முதலாளி. நேரத்தை மாற்ற மேனேஜருக்கு அதிகாரம் உண்டா என்ற கேள்வியும் கூடவே வரும்.

பிராட்காஸ்டில் இன்னொரு ஓட்டை இருக்கிறது. உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் பிராட்காஸ்ட் செய்தி போய்ச் சேரும். சேமிக்காதவருக்குப் போகவே போகாது. உங்கள் போனில் அனுப்பியாயிற்று என்று நிம்மதியாக இருப்பீர்கள். இந்தக் கடையைப் பொறுத்தவரை பதில் வந்துவிட்டதால் செய்தி சேர்ந்ததில் சந்தேகமில்லை. மற்ற கஸ்டமர்களில் எத்தனை பேருக்குச் சேர்ந்தது என்று அந்தச் செய்தியின் ‘தகவல்’ பக்கத்தைத் திறந்து பாருங்கள். அப்படியே அதை ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வையுங்கள். போனை மாற்றுவது, சாட்டை அழிப்பது எல்லாம் இப்போதைக்கு வேண்டாம். நீதிமன்றம்வரை போனால் மின்னணு ஆவணத்துக்கு, இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆவது பிரிவுப்படி சான்றிதழ் தர வேண்டும். மூலச் செய்தி போனிலேயே இருந்தால் அது சுலபம்.

அரசு விடுமுறை காப்பாற்றுமா?

காப்பாற்றாது. தமிழ்நாட்டில் தொழில் நிறுவனங்களுக்கான தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் 1958-லிருந்து இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு வருடத்துக்கு ஐந்து பண்டிகை நாட்களும் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்கிறது அது. ஆனால் அது முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான சட்டம். உங்களுக்கும் ஸ்வீட் கடைக்கும் இடையில் அது வராது. உங்கள் ஒப்பந்தத்தில் ‘வேலை நாட்களில் 8 மணி நேரம்’ என்று இருந்திருந்தால் கதையே வேறு. நீங்கள் எழுதி அனுப்பிய வரியில் அந்த வார்த்தை இல்லை. ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் ‘வேலை நேரம்’ என்று எங்கேயாவது விளக்கம் இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். இருந்தால் எனக்கு எழுதுங்கள், கீழே வரும் கணக்கு உங்களுக்குச் சாதகமாக மாறும்.

அதே சட்டம், விடுமுறை நாளில் ஒருவரை வேலைக்கு வரச் சொல்லவும் வழி வைத்திருக்கிறது. அன்றைக்கு இரட்டைச் சம்பளம் தரலாம், அல்லது அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் சம்பள விடுமுறை தரலாம். ஏழு பேரில் ஒருவரை மட்டும் இப்படி வைத்திருந்தால் 18-ஆம் தேதி இரவே முடிந்திருக்க வேண்டிய விஷயம் இது. ஸ்வீட் கடைக்கு வருடத்திலேயே பெரிய வியாபாரம் தீபாவளிக்கு முந்தைய சில நாட்கள்தான். கோல்டு ரூம் நிரம்பி வழிவதும் அப்போதுதான். அந்த மாதிரி கஸ்டமரைக் கையில் வைத்துக்கொண்டு ஏழு பேரும் ஊருக்குப் போனது வியாபாரக் கண்ணோடு பார்த்தாலும் சரியில்லை.

எவ்வளவு தர வேண்டியிருக்கும்?

இப்போது கணக்குக்கு வருவோம். புகார் நேரம் சனிக்கிழமை இரவு 7 மணி. போன் எடுக்கப்படவில்லை என்பதால் புகார் தெரிவிக்கவில்லை என்று வாதாடாதீர்கள், எடுபடாது. எட்டு மணி நேரம் முடிவது ஞாயிறு அதிகாலை 3 மணிக்கு. அங்கிருந்து திங்கள் பகல் 12 மணிக்கு வெளி மெக்கானிக் சரிசெய்தவரை 33 மணி நேரம். இதில் முழு 24 மணி நேரம் ஒன்றுதான். ஆக ரூ.24,000-ல் 5%, அதாவது ரூ.1,200. ரிப்பேர் முடிந்த பிறகும் நீங்கள் வராததை அவர்கள் தாமதமாகவே கணக்கிட்டு, 23-ஆம் தேதி காலை 10 மணிவரை கொண்டுபோனாலும் முழு 24 மணி நேரம் நான்குதான் வரும். 20%, ரூ.4,800. ஒப்பந்தத்தின் உச்சவரம்பும் அதுவேதான்.

ஒப்பந்தம் மீறப்பட்டால் இவ்வளவு என்று இரண்டு தரப்பும் முன்பே ஒரு தொகையை எழுதி வைத்திருந்தால், நியாயமான இழப்பீடு அந்தத் தொகையைத் தாண்டக் கூடாது என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு. உங்களுடைய பலமான வாதம் இதுதான். தாமதத்துக்கு என்று ஒரு தொகையும் வரம்பும் ஒப்பந்தத்திலேயே இருக்கும்போது, அதே தாமதத்தால் பால் கெட்டது என்று தனியாக ரூ.1,85,000 கேட்க முடியாது என்று நீங்கள் சொல்லலாம்.

எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா இருக்க மாட்டார். ‘அந்த 5% சர்வீஸ் தொகையில் செய்யும் கழிவு மட்டும்தான், பொருள் சேதத்துக்கான இழப்பீடு அல்ல’ என்பார். வரி அமைந்திருக்கும் விதத்தில் அதற்கும் கொஞ்சம் இடம் இருக்கிறது, மறைக்க வேண்டாம். அந்த வாதம் எடுபட்டால் விஷயம் 73-ஆவது பிரிவுக்குப் போகும். கோல்டு ரூம் நின்றால் உள்ளே இருக்கும் பால் கெடும் என்பது உங்களுக்கு முன்பே தெரியும், அதனால் எதிர்பாராத நஷ்டம் என்று தப்பிக்க முடியாது. ஆனால் அதே பிரிவின் விளக்கத்தில், நஷ்டத்தைக் குறைக்க அவர்கள் கையில் என்ன வழி இருந்தது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று இருக்கிறது.

உங்கள் வாழ்த்துப் படத்துக்குக் கிடைக்கும் ஒரே உபயோகம் இந்த இடத்தில்தான். அதனால் நேரம் நீளவில்லை. ஆனால் நீங்கள் 22-ஆம் தேதிவரை வரமாட்டீர்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு அது சாட்சி. தெரிந்தும், சனி இரவு 7 மணி முதல் திங்கள் பகல் 12 மணிவரை 41 மணி நேரம் ஏன் வெளி ஆளைக் கூப்பிடவில்லை? பனீரையும் கோவாவையும் வேறு இடத்துக்கு மாற்றப் பார்த்தார்களா? திங்கட்கிழமை தீபாவளி அன்றே ஆள் கிடைத்தார் என்றால் ஞாயிற்றுக்கிழமை கிடைத்திருக்க மாட்டாரா? இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். கூடவே, சேதமான பொருள்களுக்கு வாங்கிய பில், எதை எப்போது அப்புறப்படுத்தினார்கள் என்ற பதிவு, கோல்டு ரூமின் வெப்பநிலைக் குறிப்பு மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். தீபாவளி நெரிசலில் சனி இரவுக்கும் திங்களுக்கும் இடையில் அந்தச் சரக்கில் எவ்வளவு விற்றுப்போனது என்பதே இன்னும் நமக்குத் தெரியாது.

வெளி மெக்கானிக்குக் கொடுத்த ரூ.6,500 வேறு விஷயம். உங்கள் ஏ.எம்.சி. உதிரிபாகத்தையும் சேர்த்த ஒப்பந்தமாக இருந்தால், நீங்கள் இலவசமாகச் செய்திருக்க வேண்டிய வேலைக்கு அவர்கள் காசு கொடுத்திருக்கிறார்கள். அதைத் திருப்பித் தருவது நியாயம். கண்டிப்பாகப் பார்த்தால் அதுவும் உச்சவரம்புக்குள் அடங்கும் என்று வாதாடலாம்தான். ஆனால் வருடத்துக்கு ரூ.96,000 தரும் கஸ்டமரிடம் இதற்காக மல்லுக்கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

என் யோசனை: ரூ.4,800, ரூ.6,500 இரண்டையும் சேர்த்து ரூ.11,300-ஐக் கழித்துக்கொண்டு மீதி ரூ.12,700-ஐத் தரும்படி ஒரு கடிதம் எழுதுங்கள். தொடக்கத்திலேயே, ‘சமரசத்துக்காக மட்டும், எங்கள் உரிமைகளுக்குப் பாதகமில்லாமல் எழுதப்படுகிறது’ என்று ஒரு வரி இருக்கட்டும். போனிலோ வாய்ஸ் மெசேஜிலோ ‘தப்பு எங்க பேர்லதான்’ என்ற மாதிரி எதுவும் பேசிவிடாதீர்கள், அது பிறகு ஒப்புதலாகத் திரும்பி வரும்.

உத்யம் பதிவு வைத்திருக்கிறீர்களா? இருந்தால், நிறுத்திவைத்த தொகைக்கு 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டப்படி வட்டியோடு உரிமை கோரலாம். ஒப்பந்தத்தில் எவ்வளவு அவகாசம் போட்டிருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது, வட்டியும் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு. ஆனால் அந்தச் சட்டப்படி மனு போட்டால் அவர்கள் ரூ.1,85,000 கணக்கை எதிர்வாதமாக வைப்பார்கள். அதனால் கடிதத்துக்கு என்ன பதில் வருகிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யலாம்.

வரும் தீபாவளிக்கு எப்படி எழுதுவது?

2026-ல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. 7-ஆம் தேதி சனி முதல் 10-ஆம் தேதி செவ்வாய்வரை மூடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கஸ்டமர் பட்டியலை எடுத்து இரண்டாகப் பிரியுங்கள். ஒப்பந்தத்தில் நேரக் கெடு உள்ளவர்கள் ஒரு பக்கம், இல்லாதவர்கள் மறுபக்கம்.

கெடு இல்லாதவர்களுக்கு வாழ்த்திலேயே தேதியைச் சேர்த்து அனுப்பலாம், தவறில்லை. தேதியை மட்டும் படத்துக்குள் புதைக்காமல் எழுத்தாக, படத்துக்குக் கீழே போடுங்கள். பண்டிகை நேரத்தில் வரும் நூறு விளக்குப் படங்களை யாரும் பெரிதாக்கிப் படிப்பதில்லை, தேடினாலும் படத்துக்குள் இருக்கும் தேதி கிடைக்காது. இப்படி இருக்கலாம்:

“உங்களுக்கும் குடும்பத்தாருக்கும் இனிய தீபாவளி நல்வாழ்த்துகள். எங்கள் அலுவலகம் நவம்பர் 7 சனி முதல் 10 செவ்வாய் வரை மூடியிருக்கும். 11 புதன் காலை 9.30-க்குத் திறப்போம். இடையில் வரும் செய்திகளுக்கு 12 வியாழன் மாலை 6 மணிக்குள் பதில் தருவோம்.”

‘7 முதல் 10 வரை’ என்று நிறுத்தினால் 10-ஆம் தேதி திறந்திருக்குமா என்று கேட்பார்கள், அதனால் திறக்கும் நாளையும் நேரத்தையும் சொல்லிவிடுங்கள். ‘48 மணி நேரம்’ என்ற சொல்லே வேண்டாம். எப்போதிலிருந்து 48, விடுமுறையும் சேர்த்தா என்று இரண்டு பேர் இரண்டு விதமாக எண்ணுவார்கள். கிழமையும் மணியும் போட்டால் அந்தப் பேச்சு வராது.

கெடு உள்ள ஏ.எம்.சி. கஸ்டமர்களுக்கு வாழ்த்துக்கு முன்பே தனிக் கடிதம் போக வேண்டும். அக்டோபர் 23-க்குள், மின்னஞ்சலில், ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவருக்கே அனுப்புங்கள். அதில் வாழ்த்து, படம் எதுவும் வேண்டாம்.

“நவம்பர் 7 சனி முதல் 10 செவ்வாய் வரை எங்கள் அலுவலகம் மூடியிருக்கும். கோல்டு ரூம் நின்றுபோனால் இந்த எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம். ஒப்பந்தப்படி 8 மணி நேரத்துக்குள் ஆள் வருவார். ஏ.சி. புகார்களுக்கு மட்டும், இந்த நான்கு நாட்களில் வருபவற்றுக்கு, 12 வியாழன் மாலை 6 மணி வரை அவகாசம் கேட்கிறோம். ஏற்கிறீர்கள் என்றால் ‘அவகாசத்துக்குச் சம்மதம்’ என்று அக்டோபர் 30-க்குள் பதில் அனுப்பவும். பதில் வராவிட்டால் ஒப்பந்த நேரமே தொடரும்.”

கடைசி வரியைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். ‘பதில் வராவிட்டால் சம்மதமாக எடுத்துக்கொள்வோம்’ என்று எழுதலாமே என்று தோன்றும். அது உங்களுக்குப் பொய்யான நிம்மதியைத்தான் தரும். யார் சம்மதித்தார்கள், யார் இல்லை என்று 30-ஆம் தேதியே தெரிந்துவிட்டால், அதற்கு ஏற்ப ஆளை நிறுத்த உங்களுக்கு ஒரு வாரம் கிடைக்கும். யாரிடமிருந்தும் பதில் வரவில்லை என்றால் இரண்டு பேரை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான்.

அந்த அவசர எண்ணிலும் கவனம் தேவை. எண்ணைக் கொடுத்தால் அதுவும் ஒரு வாக்குதான். கொடுத்துவிட்டு எடுக்காமல் போனால், கொடுக்காமல் இருந்ததைவிட நிலைமை மோசம். ‘காலை 7 முதல் இரவு 9 வரை’ என்று எண்ணுக்கு நேரம் போட்டாலும் சிக்கல் தீராது. இரவு 11 மணிக்கு கோல்டு ரூம் நின்று வாட்ஸ்அப்பில் புகார் விழுந்தால், நீங்கள் போனை எடுக்கும் காலை 7 மணிக்கு எட்டு மணி நேரம் முடிந்திருக்கும். அதனால் விடுமுறையில் நிற்கும் ஆளின் கையில் இரவிலும் போன் இருக்க வேண்டும். ஆபீஸ் போனையும் அந்த எண்ணுக்கே ஃபார்வர்டு செய்துவிடுங்கள், பழக்கத்தில் எல்லோரும் ஆபீஸ் எண்ணுக்குத்தான் அடிப்பார்கள். ஜிமெயிலில் தானியங்கி விடுமுறைப் பதில் வைப்பதாக இருந்தால், ஒருவர் எத்தனை மெயில் போட்டாலும் நான்கு நாளைக்கு ஒரு முறைதான் அவருக்கு அது போகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

வாழ்த்தை 6-ஆம் தேதி வெள்ளிக்கிழமை அனுப்புங்கள். ஏ.எம்.சி. கஸ்டமர்களுக்குப் போகும் வாழ்த்தில் நேரம், அவகாசம் எதுவும் வேண்டாம். ‘விடுமுறை ஏற்பாடுகள் அக்டோபர் 23 கடிதத்தில் உள்ளபடி’ என்று ஒரு வரி போதும்.

ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம் வரும்போது இந்த விஷயத்தை அதற்குள்ளேயே கொண்டுவந்துவிடலாம். தீபாவளி, பொங்கல் நாட்களில் எந்தப் புகாருக்கு எத்தனை மணி நேரம் என்று தனியாக ஒரு வரி, தாமதத்துக்கான கழிவே பொருள் சேதம் உட்பட முழு இழப்பீடு என்று இன்னொரு வரி. இரண்டாவது வரியை ஸ்வீட் கடைக்காரர் சுலபமாக ஒத்துக்கொள்ள மாட்டார். சரக்குக்குக் காப்பீடு எடுத்திருக்கிறாரா என்று அப்போது கேட்டுப் பாருங்கள். எடுத்திருந்தால் பேச்சு சுலபமாகும். இல்லையென்றால் கழிவின் உச்சவரம்பை 20%-லிருந்து கொஞ்சம் உயர்த்திக் கொடுத்து அந்த வரியை வாங்கிக்கொள்வது உங்களுக்கு லாபம்.